'இரவு பகல் பாராது' என்னும் பாராட்டு

பணி நிறைவு விழாக்களுக்கு இன்னமும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். சந்தன மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி, மிக்சர், காபி. இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேடையேறுகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான் குறை. "அன்னார் இரவு பகல் பாராது உழைத்தவர். முப்பத்தாறு வருட சர்வீசில் லீவு என்று ஒன்று போட்டதே இல்லை." உடனே கைத்தட்டல். பாராட்டப்படுகிறவரின் மனைவி மட்டும் தட்டுவதில்லை. இதைப் பல விழாக்களில் கவனித்திருக்கிறேன்.

இந்தப் பாராட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கணக்குப் பழக்கம் போகாது. ஈட்டிய விடுப்பு ஜனவரி முதல் தேதி 15 நாள், ஜூலை முதல் தேதி 15 நாள், ஆக வருடத்துக்கு 30 நாள் நம் கணக்கில் ஏறுகிறது. இப்போதைய விதிப்படி 300 நாளுக்கு மேல் சேராது. ஓய்வு பெறும்போது காசாக்கிக்கொள்வதும் அந்த 300 நாளுக்குத்தான். பத்து வருடம் லீவே போடாதவருக்கு 300 நிறைந்துவிடுகிறது. மீதி இருபத்தாறு வருடத்தில் அவருக்குச் சேர்ந்திருக்க வேண்டிய 780 நாள், அதாவது இரண்டு வருடத்துக்கும் மேல், யாருக்கும் பிரயோஜனமில்லாமல் காலாவதியாகிறது. அரசாங்கத்துக்கு அதனால் ஏதாவது லாபம் உண்டா என்றால், அந்த நாட்களில் அவர் மேசையில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. சும்மா உட்கார்ந்திருந்த நாட்களும் அந்த 780-க்குள் இருக்கின்றன என்பது செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் லீவு போடாதது அவர் இஷ்டம். என் கோபம் அதில் இல்லை. விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிடும் இளம் எழுத்தர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நல்ல பெயர் வேண்டுமானால் தூக்கத்தைக் கொடு, ஞாயிற்றுக்கிழமையைக் கொடு, பிள்ளையின் பிறந்தநாளைக் கொடு என்று அவர்கள் காதில் நாம் ஓதுகிறோம். ஓதுகிறவர்கள் நாம், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறவர்கள்.

நம் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பேசுகிறோம். என் வேலைக்காலத்தில் மாலை ஐந்தே முக்காலுக்குப் பிறகு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட வேண்டுமானால் ஒரு பியூன் சைக்கிள் மிதித்து முத்தியால்பேட்டைக்கு வர வேண்டும். அதற்கு முதலில் பியூன் கிடைக்க வேண்டும். அவர் முகம் சுளிப்பதை அதிகாரி பார்க்க வேண்டும். அதற்குள், "சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அதிகாரிக்கே தோன்றிவிடும். கூப்பிடுவதற்கு ஒரு செலவு இருந்தது. செலவு இருந்ததால் யோசனையும் இருந்தது. சட்டசபைக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டிய இரவுகளில் பியூன் வந்ததுண்டு. போனோம், ஒரு மணி வரை இருந்தோம், யாரும் முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் அது உண்மையான அவசரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்றைக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. படுக்கையில் சாய்ந்துகொண்டு, டி.வி. பார்த்துக்கொண்டு, "நாளை 10 மணிக்கு விவரம் தேவை" என்று கட்டைவிரலால் தட்டிவிடலாம். அனுப்புகிறவருக்கு ஒரு காசு செலவில்லை. அதைப் பெறுகிற இருபது பேரின் இருபது வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டு பாதியில் நிற்கிறது. ஓய்வு கெட்டதற்குக் காரணம் அதிகாரிகள் முன்னைவிடக் கொடியவர்களாகிவிட்டது அல்ல. கேட்பதற்கு இருந்த செலவு மறைந்துபோனதுதான். இதைப் புரிந்துகொண்டால் பரிகாரமும் புரியும்.

பரிகாரத்துக்கு வருமுன், எதிர்த்தரப்பு வாதத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வரும் என் நண்பர், பெரிய பதவியில் இருந்தவர், இந்தப் பேச்சை எடுத்தாலே "எஃப்.ஆர். 11" என்பார். அடிப்படை விதிகளில் பதினோராவது. அரசு ஊழியரின் முழு நேரமும், அவருக்குச் சம்பளம் தரும் அரசின் வசம் உள்ளது. உரிய அதிகாரி எந்த விதத்திலும் அவரிடம் வேலை வாங்கலாம், அதற்காக அவர் கூடுதல் ஊதியம் கோர முடியாது. ஏறக்குறைய இதுதான் அதன் சாரம். 1922-இலிருந்து இருக்கிறது. "இருபத்து நாலு மணி நேரமும் நீ கவர்ன்மென்ட் சர்வன்ட். அவ்வளவுதான்" என்பார் நண்பர்.

விதி இருப்பது உண்மை. ஆனால் பதினோராவது விதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், அதே அலமாரியில் இருக்கும் நடத்தை விதிகளை, 1964-ஆம் வருடத்தவற்றை, ஏன் திறப்பதில்லை? மூன்றாம் விதியில் என்ன இருக்கிறது? மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகச் சொன்னால், உடனே அதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டியது அதிகாரியின் கடமை. உறுதி கேட்டு வாங்க வேண்டியது கீழே உள்ளவரின் கடமை. எஃப்.ஆர். 11 சொல்லும் "உரிய அதிகாரி" இந்த முறையில்தான் வேலை வாங்க வேண்டியவர். அரசின் வசம் நம் முழு நேரமும் இருக்கிறது என்பதற்கு, அந்த நேரத்தை யார் வேண்டுமானாலும், எந்தப் பொறுப்பும் ஏற்காமல், எதிலும் கையெழுத்திடாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை.

அதே சமயம், இளைஞர்களில் சிலர் செய்யும் இன்னொரு காரியத்தையும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. குழுவிலேயே எல்லோரும் பார்க்க, "அலுவலக நேரத்துக்குப் பிறகு மெசேஜ் அனுப்ப வேண்டாம்" என்று பதில் போடுவது. அல்லது ஒன்றும் சொல்லாமல் போனை அணைத்துவிட்டு, மறுநாள் "பார்க்கவில்லை சார்" என்பது. முதலாவது, அதிகாரியைப் பலர் முன்னால் தலைகுனிய வைப்பது. அவர் அதை மறக்கமாட்டார். விதி உங்கள் பக்கம் இருந்தாலும் மறக்கமாட்டார். இரண்டாவது, பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பொய். இரண்டிலும் கெடுவது உங்கள் பெயர்தான். கூப்பிட்ட நேரத்துக்கு வராதவன் என்பதைவிட, எப்போது கிடைப்பான் என்று சொல்ல முடியாதவன் என்பதுதான் ஆபீசில் மோசமான பெயர்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ஒரு துறையின் கணக்குப் பிரிவில் மேல்நிலை எழுத்தர். நாற்பது வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். என்னை "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். போன வருடம் ஒரு நாள் வாசலில் நின்று, "ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னாடி தூங்கி மாசக்கணக்காகுது மாமா. நேத்து ஒரு பில்லில் தலைப்பையே மாத்திப் போட்டுட்டேன், கருவூலத்திலிருந்து திரும்பி வந்துடுச்சு" என்றாள். தூக்கம் கெட்டதற்கு அடையாளம் கொட்டாவி இல்லை. இப்படித் திரும்பி வரும் பில்தான். முப்பது தடவை சரியாகப் போட்ட கணக்குத் தலைப்பைக் கை தானாக மாற்றி எழுதினால், தலையில் ஓய்வில்லை என்று பொருள். பெயர் கெடுவது அங்கேதான் தொடங்குகிறது. இரவில் பதில் போட்டதை யாரும் நினைவில் வைப்பதில்லை, திரும்பிய பில்லை எல்லோரும் வைப்பார்கள்.

"யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. முதலில் ஒரு மாதம் எழுதி வை" என்றேன். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் எழுதினாள். மாலை ஆறுக்கு மேல் வந்த ஒவ்வொரு செய்தியும்: நேரம், யார் அனுப்பியது, என்ன கேட்டது, அன்றிரவே செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தை மறுநாள் காலையில்தான் நிரப்ப வேண்டும் என்றேன். இரவில் எல்லாமே அவசரமாகத் தெரியும்.

மாதக் கடைசியில் நோட்டைக் கொண்டுவந்தாள். நாற்பதுக்குச் சற்று மேல் செய்திகள். அன்றிரவே செய்தாக வேண்டியவை மூன்று. பத்துப் பன்னிரண்டு, தேதி தவறாமல் மாதாமாதம் வரும் விவர அறிக்கைகளைப் பற்றியவை. செலவு அறிக்கை, காலியிட விவரம் போன்றவை. இவை வரும் என்று காலண்டருக்கே தெரியும், கேட்கிறவருக்கு மட்டும் இரவு ஒன்பது மணிக்குத்தான் நினைவு வரும். மற்றவையெல்லாம் வெறும் விசாரிப்பு. அந்த பில் போயிற்றா, இந்தத் தலைப்பில் எவ்வளவு மீதம், அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது.

நோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். விசாரிப்பு ஏன் வருகிறது? மேலே இருப்பவருக்கும் பயம் இருக்கிறது. அவரை அவருக்கு மேலே உள்ளவர் கேட்பார். பதில் கையில் இல்லையென்றால் இரவில் மனம் அரிக்கும். அந்த அரிப்பைச் சாயந்திரமே தீர்த்துவிட்டால் பாதி செய்திகள் பிறக்காது.

மறு திங்கட்கிழமையிலிருந்து, அலுவலகம் முடிவதற்கு அரை மணி முன்பாக, ஐந்தேகால் மணிக்கு, அவள் தன் கண்காணிப்பாளருக்கு ஐந்து வரி எழுதி அனுப்ப ஆரம்பித்தாள். இன்று கருவூலத்துக்குப் போனவை, திரும்பியவை, காரணம். யாரிடம் எது நிற்கிறது. அதிகம் கேட்கப்படும் மூன்று தலைப்புகளில் உள்ள மீதம். நாளைக்கு வரவேண்டியது என்ன. இந்த வாரத்துக்குள் தேதி முடிகிற அறிக்கை எது, அது எந்த நிலையில் இருக்கிறது. அவ்வளவுதான். எழுத முதல் வாரத்தில் இருபது நிமிடம் ஆயிற்று, பிறகு பத்து நிமிடம். "யாரும் கேட்கலையே மாமா, நானா அனுப்பறேனே" என்றாள். கேட்காமல் அனுப்புவதுதான் அதன் பலமே என்றேன்.

இரண்டு வாரம் வரை எல்லை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கண்காணிப்பாளர் அந்த ஐந்து வரிக்குப் பழகிவிட்டார். ஒரு நாள் ஐந்தரை வரை வரவில்லையென்றதும், "என்னம்மா, இன்னிக்கு உங்க செய்தியைக் காணோம்?" என்று கேட்டாராம். அதுதான் நேரம். மறுநாள் காலையில், அவர் தனியாக இருக்கும்போது போய், நின்றபடியே சொன்னாள்: "சார், ராத்திரி எட்டுக்கு மேல நான் குழுவைப் பார்க்கிறதில்லைன்னு வெச்சிருக்கேன். பிள்ளைங்க படிப்பு இருக்கு. அவசரம்னா நீங்க போன் பண்ணுங்க சார், எந்த நேரமானாலும் எடுக்கிறேன். மத்ததுக்குக் காலையில் எட்டே முக்காலுக்கு வந்ததும் முதல் வேலையா பதில் போட்டுடறேன்."

இதில் உள்ள நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அவள் கதவைச் சாத்தவில்லை. செய்திக்குச் சாத்திவிட்டு, போனுக்குத் திறந்து வைத்தாள். செய்தி தட்டுவதற்கு மனசாட்சி தேவையில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் ஊழியரின் வீட்டுக்குப் போன் போட்டு, அவள் கணவன் எடுத்தாலும் எடுப்பான் என்று தெரிந்துகொண்டு, "அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது" என்று கேட்பதற்கு மனம் வர வேண்டும். பியூனின் சைக்கிள் இப்படித் திரும்பி வந்துவிட்டது. நான் விசாரித்தவரையில், அதன் பிறகு ஆறு மாதத்தில் வந்த இரவுப் போன்கள் நான்கு. நான்கும் நியாயமானவை. நான்கையும் அவள் எடுத்தாள்.

காலை எட்டே முக்கால் என்பதில் அவளை நான் கறாராக வைத்தேன். இரவில் பார்க்காமலிருக்கும் உரிமை, காலையில் முதல் ஆளாகப் பதில் போடுவதில்தான் இருக்கிறது. ஒன்பதரைக்குப் பதில் போட்டால் எல்லாம் போச்சு. ஒன்பதே முக்கால் வரை பஸ் வரவில்லை என்று சொல்கிறவர், இரவு எட்டு மணிக்கு எல்லைக்கோடு போட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

இனி, சறுக்கிய இடம். எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. முதல் மாதத்தில், மேலே உள்ள அதிகாரி ஒரு கூட்டத்தில், "மேடம் எட்டு மணிக்கு மேல கடையைச் சாத்திடுவாங்களாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. கேலிக்கு விளக்கம் கொடுத்தால் அது வழக்காகிவிடும். அதைவிடத் தொல்லை, பக்கத்து மேசைக்காரர். இவள் பார்க்காத நேரத்தில், இவள் மேசைச் சங்கதிக்கு அவர் இரவு பத்தரைக்குக் குழுவில் பதில் போட ஆரம்பித்தார். நல்ல பெயர் வாங்கும் ஆசை. ஒரு நாள் மீதத்தொகையைத் தவறாகச் சொல்லிவிட்டார். அதை வைத்து மேலே ஒரு குறிப்பும் போய்விட்டது. காலையில் அவள் குழுவில் சண்டை போடவில்லை. கோப்பில் சரியான தொகையைக் குறிப்பாக எழுதி, முந்தைய நாள் மாலை ஐந்தேகாலுக்கே அதைத் தெரிவித்திருந்ததை ஒரு வரியில் சேர்த்து, கண்காணிப்பாளர் வழியாக மேலே அனுப்பினாள். யார் பெயரும் அதில் இல்லை. அந்த மேசைச் சங்கதிக்கு அவளிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் காலையில் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும் என்று அதற்குப் பிறகு அதிகாரிக்கே தெரிந்துவிட்டது.

பிறகு மார்ச் வந்தது. நிதியாண்டு முடிவு. கணக்குப் பிரிவில் மார்ச்சில் எல்லை பேசுகிறவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். மார்ச் முதல் வாரத்திலேயே அவளே போய், "பதினஞ்சாம் தேதியிலிருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் எவ்வளவு நேரமானாலும் இருக்கேன் சார், குழுவையும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். கேட்பதற்கு முன்னால் கொடுத்தது. வேலை பார்க்க வேண்டியிருந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கும் முன்கூட்டியே எழுத்தில் ஆணை வாங்கிக்கொண்டாள். ஏப்ரலில் அவற்றுக்கு ஈடாக இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். ஆணை இல்லாமல் வந்து உழைத்துவிட்டு, பிறகு ஈடு கேட்டு அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைப்பது வசவுதான்.

லீவிலும் இதே குழப்பம்தான். லீவில் இருக்கிறவரிடம் போனில் வேலை வாங்குவது இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. திருப்பதி வரிசையில் நின்றுகொண்டு ஒருவர் செலவு விவரம் சொல்லிக்கொண்டிருப்பதை நானே கேட்டேன். நம் ஊழியர்களுக்குப் பொருந்தும் 1972-ஆம் வருட விடுப்பு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, பணியின் அவசியம் இருந்தால் மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். இது ஏழாம் விதி, இதை எல்லா அதிகாரிகளும் அறிவார்கள். இருபத்து மூன்றாம் விதியை அறிந்தவர்கள் குறைவு. விடுப்பு முடியுமுன் ஒருவரைத் திரும்ப அழைத்தால், அவர் பணியிடத்துக்குக் கிளம்பும் நாளிலிருந்தே பணியில் இருப்பதாகக் கொள்ள வேண்டும், பயணப்படியும் தர வேண்டும். அதாவது, விதியின் கண்ணில் இரண்டே நிலைகள்தான் உண்டு. ஒன்று விடுப்பில் இருக்கிறீர்கள், அல்லது அழைக்கப்பட்டுப் பணியில் இருக்கிறீர்கள். விடுப்பும் கழிந்து, வேலையும் நடந்து, இரண்டுங்கெட்டானாகத் திருப்பதி வரிசையில் நிற்கும் மூன்றாவது நிலை எந்த விதியிலும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் நம்மவர்கள்.

இதை அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லச் சொல்லவில்லை. லீவு விண்ணப்பத்தோடு ஒரு பக்கப் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு வையுங்கள். நிலுவையில் உள்ள கோப்பு எண்கள், அலமாரி எது, சாவி யாரிடம், எந்தத் தேதிக்கு என்ன முடிய வேண்டும், அதை யார் பார்ப்பார். அந்த "யார்" என்பவரிடம் முன்னாலேயே பேசி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். அவர் லீவுக்கு நீங்கள் பார்ப்பீர்கள் என்பது ஒப்பந்தம். எதிர்வீட்டுப் பெண் மே மாதத்தில் எட்டு நாள் குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது இப்படித்தான் செய்தாள். எட்டு நாளில் ஒரே ஒரு போன் வந்தது, அதுவும் சாவி இருக்கும் இடம் குறிப்பில் இருந்தும் பார்க்காமல் கேட்டது.

கடற்கரை நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உனக்குப் பிரெஞ்சுப் படிப்பு, அதான் இப்படிப் பேசறே" என்றார். இருக்கட்டும். பிரெஞ்சு தெரிந்ததால் ஒரு தீர்ப்பைப் படிக்க முடிந்தது. 2004 பிப்ரவரியில் பிரான்சின் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கைப்பேசியில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை என்று ஓர் ஊழியரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அது குற்றமே ஆகாது என்றது நீதிமன்றம். அந்த ஊழியர் குமாஸ்தா அல்ல, ஆம்புலன்ஸ்காரர். 2016-இல் வந்து 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும் இரவில் கூப்பிடக் கூடாது என்று தடை போடவில்லை. நிர்வாகமும் ஊழியர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசி முறை வகுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னது. எதிர்வீட்டுப் பெண்ணும் கண்காணிப்பாளரும் ஐந்து நிமிடத்தில் செய்துகொண்டதும் அதுதான்.

ஆனால் இதைச் சொல்லப் பாரிசுக்குப் போகவேண்டிய அவசியமே புதுச்சேரிக்காரனுக்கு இல்லை. 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் வேலை நேரத்துக்கு ஒரு வரம்பும் இருந்தது. மறுவருடம் வந்த ஆணை எட்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. ஒவ்வொரு ஜூலை 30-க்கும் மாலை போடுகிறோம். மாலை போட்டுவிட்டு வந்து, விழா மேடையில் "இரவு பகல் பாராது" என்கிறோம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஆலைத் தொழிலாளியின் ரத்தம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பாராட்டு நாக்கில் வரக் கூசும்.

நான் சொன்ன வழி எல்லோருக்கும் செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, தீயணைப்பு, மின்துறை, போலீஸ், இவர்களுக்கு முறைவேலைப் பட்டியல்தான் எல்லை. பட்டியலில் ஆள் போதவில்லையென்றால் எந்த ஐந்து வரியும் உதவாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய இரவில் குழுவைப் பார்க்கமாட்டேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே திட்டியிருப்பேன். தினக்கூலி ஊழியர்களின் நிலைமை வேறு. நான் மேலே சொன்ன விதிகளின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. நாளைக்கு வரவேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும். அவர்களை எட்டு மணிக்குப் போனை வைத்துவிடு என்று தூண்டிவிடுவது பாவம். அவர்கள் சார்பில் நிரந்தர ஊழியர்கள்தான் பேச வேண்டும், பேசுவதில்லை.

பெண் ஊழியர்களுக்கு இன்னொன்று. எட்டு மணிக்குப் போனை வைத்துவிட்டால் அவர்களுக்கு ஓய்வு வந்துவிடுவதில்லை. அடுப்படி காத்திருக்கிறது. எதிர்வீட்டில் நோட்டு எழுதிய மாதத்தில், "ஆறுக்கு மேல வீட்டில உனக்கு வர்ற உத்தரவையும் எழுதிப் பாரேன்" என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் கணவர் சிரிக்கவில்லை. ஆனால் இப்போது காலைக் காபி அவர் போடுகிறார் என்று கேள்வி.

துறைத் தலைவர்களாக இருக்கிறவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். "மாலை ஆறுக்கு மேல் அனுப்பப்படும் செய்திக்கு மறுநாள் பிற்பகலுக்கு முன் கெடு வைக்கக் கூடாது, அவசரமென்றால் கேட்கும் அதிகாரியே போன் செய்ய வேண்டும்." இரண்டு வாக்கியத்தில் ஒரு சுற்றறிக்கை. செலவு ஒரு தாள். வரைவு வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், காலையில் பத்து மணிக்கு மேல் வாருங்கள்.